பாஸ்பரஸ் கலந்த சிலிக்கானுக்கு அளவெடுத்து ஒரு பட்டைப் படம்

பட்டைப் படத்தைக் கையால் சும்மா கிறுக்கினால் எதுவும் புரிவதில்லை. வரைபடத்தாளில் அளவு வைத்து வரைந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். 1 eV-க்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். செங்குத்தாக மேலே போகப் போக எலக்ட்ரானின் ஆற்றல் கூடுகிறது. கிடைமட்டத்தில் இருப்பது படிகத்துக்குள் இடம், அவ்வளவுதான். பலர் அதை நேரம் என்றோ உந்தம் என்றோ எடுத்துக்கொண்டு குழம்புகிறார்கள்.

முதலில் ஒரு கிடைக்கோடு. அது இணைதிறன் பட்டையின் உச்சி, Ev. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி அறை வெப்பநிலையில் 1.12 eV. ஆகவே 11.2 செ.மீ. மேலே இன்னொரு கோடு. அது கடத்துப் பட்டையின் அடி, Ec. இரண்டுக்கும் நடுவே, அதாவது 5.6 செ.மீ. உயரத்தில், புள்ளிக்கோடாக Ei. தூய சிலிக்கானில் ஃபெர்மி மட்டம் இருக்குமிடம் இது. சரியாகச் சொன்னால் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு கீழே வரும். இந்தப் படத்துக்கு அதை விட்டுவிடலாம்.

தாளின் ஓரத்தில் 2.6 மி.மீ. நீளத்துக்கு ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். 300 K-இல் kT-யின் மதிப்பு 0.0259 eV, இந்த அளவில் அது அவ்வளவுதான். வெப்பம் ஒரு எலக்ட்ரானுக்குத் தரும் 'சில்லறை' இது. 11.2 செ.மீ. இடைவெளிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், தூய சிலிக்கானில் ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 10¹⁰ எலக்ட்ரான்கள் மட்டுமே ஏன் மேலே ஏறியிருக்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

இனி மாசூட்டல். ஒரு கன செ.மீ.க்கு 10¹⁶ பாஸ்பரஸ் அணுக்களைச் சேர்ப்போம். சிலிக்கான் அணுக்கள் 5 × 10²² இருப்பதால், ஐம்பது லட்சத்துக்கு ஒன்றுதான் பாஸ்பரஸ். நான்கு எலக்ட்ரான்கள் பிணைப்புக்குப் போக, ஐந்தாவது தளர்வாகத் தொங்கும். அதன் மட்டம்தான் கொடையாளி மட்டம், Ed. அது Ec-க்குக் கீழே 0.045 eV, தாளில் 4.5 மி.மீ. இதை முழுக்கோடாக இழுக்காமல் விட்டுவிட்டுச் சிறு கோடுகளாகப் போட வேண்டும். அடுத்தடுத்த இரு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே சராசரியாகச் சுமார் 46 நானோமீட்டர் தூரம். ஓர் அணுவிடம் தங்கிய எலக்ட்ரான் ஓரிரு நானோமீட்டர்தான் பரவியிருக்கும்; பக்கத்து அணுவை அது எட்டாது. அந்த விலகலைத்தான் படத்தில் உள்ள இடைவெளிகள் சொல்கின்றன.

அடுத்து ஃபெர்மி மட்டம், Ef. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கொடையாளி மட்டம் Ec-க்கு அருகில் இருப்பதால் Ef-ஐ இரண்டுக்கும் நடுவே செருகிவிடுகிறார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். Nd என்பது ஒரு கன செ.மீ.க்கு நாம் சேர்த்த பாஸ்பரஸ் அணுக்கள்; ni என்பது தூய சிலிக்கானில் மேலே ஏறியிருந்த எலக்ட்ரான்கள்:

```
Ef − Ei = kT ln(Nd / ni)
        = 0.0259 × ln(10¹⁶ / 10¹⁰)
        = 0.0259 × 13.8 ≈ 0.36 eV
```

Ei-க்கு மேலே 3.6 செ.மீ.; அதாவது Ec-க்கு 2 செ.மீ. கீழே. (சில புத்தகங்களில் ni 1.5 × 10¹⁰ என்றிருக்கும். அதைப் போட்டாலும் கோடு ஒரு மில்லிமீட்டர்தான் நகரும்.) Ed-க்கோ Ec-யிலிருந்து 4.5 மி.மீ. தூரம்தான். ஆக, ஃபெர்மி மட்டம் கொடையாளி மட்டத்துக்குக் கீழே, ஒன்றரை செ.மீ.க்கும் சற்று அதிகமாகத் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளி kT-யைப் போல ஆறு மடங்கு. அதனால்தான் பாஸ்பரஸ் அணுக்களில் ஐந்தாவது எலக்ட்ரானை இன்னும் விடாமல் வைத்திருப்பவை நூற்றுக்கு அரைகூட இல்லை. மேலே உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை n = 10¹⁶ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடிவதற்குக் காரணமும் இதுவே. np = ni² என்பதிலிருந்து, துளைகளின் எண்ணிக்கை p 10⁴-க்கு இறங்கிவிடும்.

n-வகை என்றதும் படிகமே எதிர்மின்னூட்டம் கொண்டது என்று எழுதுகிறவர்களும் உண்டு. Ed-யின் ஒவ்வொரு சிறு கோட்டிலும் ஒரு '+' குறி போட்டுவிடுங்கள். எலக்ட்ரானை இழந்த பாஸ்பரஸ் அயனி அது. மேலே திரியும் எலக்ட்ரான்களுக்கு ஈடாக அவை அசையாமல் அங்கேயே இருக்கின்றன. மொத்தத்தில் படிகம் நடுநிலைதான்.

போரான் சேர்த்தால் படத்தைத் தலைகீழாக்கினால் போதும்: ஏற்பான் மட்டம் Ev-க்கு 4.5 மி.மீ. மேலே, Ef கீழ்ப்பாதியில், சிறு கோடுகளில் '−' குறி.

இந்தச் சூத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. மாசை 10²⁰ ஆக்கினால் விடை 0.60 eV வரும். Ef கடத்துப் பட்டைக்குள் ஏறிவிடும். Ef பட்டை விளிம்பிலிருந்து 3kT, அதாவது 8 மி.மீ. அளவாவது தள்ளி இருக்கும்போதுதான் இந்தத் தோராயம் செல்லும். மறுபக்கம், படிகத்தை 0 K நோக்கிக் குளிர்வித்தால் எலக்ட்ரான்கள் பாஸ்பரஸிடமே திரும்பி ஒட்டிக்கொள்ளும். Ef மேலே ஏறி Ec-க்கும் Ed-க்கும் நடுவில் போய் நிற்கும். மாணவர்கள் வழக்கமாக வரையும் அந்தத் தவறான படம் அங்கே சரியானதாகிவிடுகிறது.