காற்புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி

மெய்ப்புத் திருத்தும் பணியில் சேர்ந்த புதிதில், ஓர் ஆண்டறிக்கையின் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஏறத்தாழ எல்லாக் காற்புள்ளிகளுக்கு முன்னும் ஓர் இடைவெளி இருந்தது. திரையில் அது அவ்வளவாக உறுத்தவில்லை. இருபுறமும் சீராக்கி அச்சுப்படி எடுத்தபோதோ, இடைவெளிகள் அகன்று காற்புள்ளிகள் அந்தரத்தில் தொங்கின. சில காற்புள்ளிகள் முந்தைய வரியில் இடமின்றி அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றன.

ஆங்கிலப் பழக்கம் என்று இதை அலுவலகத்தில் குறை கூறினார்கள். ஆனால் ஆங்கிலத்திலும் காற்புள்ளிக்கு முன் இடைவெளி கிடையாது. தட்டச்சு செய்தவரின் அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அவர் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டினார். இடைவெளிப் பட்டையைத் தட்டியதும்தான் சொல் தமிழாக மாறியது. மாறிய சொல்லோடு இடைவெளியும் வந்துவிட, காற்புள்ளி அதற்குப் பின்னால் விழுந்தது. பின்னோக்கிச் சென்று இடைவெளியை அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கையால் திருத்த இயலாது என்பதால், தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினேன். சாதாரண இடைவெளியை மட்டும் தேடியபோது சில இடங்கள் அகப்படவில்லை. அவை இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டப்பட்ட, வரி உடையாத இடைவெளிகள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இப்படி எழுதினேன்:

```
தேடு:   [ \u00A0]+([,;:?!])
மாற்று: $1
```

இதுவரை பழுதில்லை. அடுத்து, காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுபட்ட இடங்களையும் சரிசெய்ய எண்ணி, எல்லாக் காற்புள்ளிகளுக்குப் பின்னும் ஓர் இடைவெளியைச் சேர்த்தேன். வரவுசெலவு அட்டவணையில் 1,25,000 என்றிருந்த தொகை 1, 25, 000 என்று மூன்றாக உடைந்தது. கணக்குப் பிரிவினர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய பிறகே எனக்குத் தெரிந்தது. காற்புள்ளியை அடுத்து எண் வந்தால் தொடாதே என்ற நிபந்தனை இல்லாமல் அந்த மாற்றத்தை அதன்பின் நான் செய்ததே இல்லை.

மேற்கோள்குறிகளில் இதே இடைவெளி வேறொரு கோலத்தில் வந்தது. முன்னால் இடைவெளி இருந்தால், அடுத்து வருவது தொடக்கக்குறி என்று சொற்செயலி முடிவு செய்கிறது. ஆகவே “மனு பரிசீலனையில் உள்ளது “ என்று, முடிவுக்குறியும் தொடக்கக்குறியைப் போலவே வளைந்து நின்றது. தொடக்கக்குறியை அடுத்து இடைவெளி வரும் இடங்களைத் தேடினால் இவை பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இவை விசைப்பலகையால் வந்த பிழைகள். “பணி முடிந்தது,” என்று அவர் கூறினார் என மேற்கோளுக்குள் காற்புள்ளி இடுவதுதான் உண்மையில் ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கம். கதைகளில் அது பரவலாகிவிட்டது; அங்கே நான் சண்டைக்குப் போவதில்லை. அலுவல் ஆவணத்தில் நீக்கிவிடுவேன். மேற்கோள் முடிந்ததை ‘என்று’ என்ற சொல்லே சொல்லிவிடும்போது, அந்தக் காற்புள்ளிக்கு வேலையில்லை. “பணி முடிந்ததா?” என்று கேட்டார் என்னும் தொடரில் வினாக்குறி உள்ளேயே இருக்கும், வினா பேசியவருடையது அல்லவா?

தொடரின் தொடக்கத்தில் வரும் காற்புள்ளியை நீக்கும்போது இன்னும் கவனம் தேவை. ‘கூட்டத்திற்கு, தலைவர் வந்தார்’ என்பதில் காற்புள்ளி சொற்களைப் பிரிப்பதால் ஒற்று மிகாது. அதை எடுத்துவிட்டால் ‘கூட்டத்திற்குத் தலைவர் வந்தார்’ என்று எழுத வேண்டும். எந்தத் தேடலும் இதைத் தானாகச் செய்து தராது என்பதால், இங்கே மட்டும் ஒவ்வொரு வரியாகவே படித்தேன்.

அடைப்புக்குறிக்கான இடைவெளி விதி எளிது: திறக்கும் குறிக்கு முன் உண்டு, உட்புறம் இரு முனையிலும் இல்லை. வேற்றுமை உருபுதான் சிக்கல். அந்த அறிக்கையில் ‘தலைவர் (தற்காலிகம்)-இடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலப் பதவிப் பெயரின் அமைப்பை அப்படியே வைத்து உருபை ஒட்டியிருந்தார்கள். மூத்த மெய்ப்பாளர் ஒருவர் பென்சிலால் அடைப்பை மறைத்துக் காட்டி, “இப்போது படியுங்கள்” என்றார். ‘தலைவர் -இடம்’ என்று உருபு தனியே நின்றது. உருபைத் தலைவரோடு சேர்த்து ‘தலைவரிடம் (தற்காலிகம்)’ என்று எழுதிக் காட்டினேன். அவர் தலையசைக்கவில்லை. அடைப்பையே அடித்துவிட்டு, ‘தற்காலிகத் தலைவரிடம்’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.