மூன்றாம் வினாவுக்காக சேருக்கு ஒரு கடிதம்

கல்லடி அறைக்கு வந்ததும் விடைத்தாளைத் திரும்ப விரித்தேன். பத்துக்கு மூன்று. இரண்டாவது வளைந்த அம்பின் மேல் சிவப்புக் கோடு. CH₃CHBrCH(CH₃)₂ ஐ நீருடன் சூடாக்கினால் பிரதான விளைவு என்ன, பொறிமுறை என்ன என்பதுதான் வினா. இரவே எழுதிவிட்டேன்:

"சேர், Br⁻ வெளியேறியதும் வருவது வழி காபோகற்றயன். பக்கத்துக் காபனில் இருக்கும் ஐதரசன் தன் இரண்டு இலத்திரன்களோடும் நகர்ந்தால் நேரேற்றம் அந்தக் காபனுக்குப் போய்விடும், அது புடை காபோகற்றயன், இன்னும் உறுதியானது. நீர் வந்து பிணைவதற்கு முன்பே பெரும்பாலும் இந்த நகர்வு நடந்துவிடுகிறது. அதனால் பிரதான விளைவு (CH₃)₂C(OH)CH₂CH₃. விடைத்திட்டத்தில் OH, Br இருந்த காபனிலேயே இருக்கிறது. SN2 என்றால் அது சரி, ஆனால் அதற்கு நல்ல வலிமையான கருநாடி வேண்டும், வினாவில் நீர் மட்டும்தான் இருக்கிறது. கடைசியில் ஒட்சிசனிலிருந்து புரோத்தன் நீங்கும் அம்பை நான் போடவில்லை. அதற்குப் புள்ளி குறைத்தது நியாயம். நகர்வைக் காட்டிய அம்பை மட்டும் தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள்."

மூன்று தடவை வாசித்துவிட்டேன், மரியாதை குறையவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலை திணைக்களத்தில் நேரிலேயே கொடுக்கிறேன்.