பேஸ்லிப்பில் 70,400, வங்கியில் 58,400: சம்பளச் சரிபார்ப்பில் மாட்டி மீண்ட அனுபவம்

புது வேலைக்கான சம்பளச் சரிபார்ப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது. நான் சொன்ன தொகையில் துளிகூடக் கூட்டல் இல்லை. அப்படியிருந்தும் என் கோப்பில் 'முரண்பாடு' என்று குறித்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பழைய வேலையை விட்டு வந்தாயிற்று, புது வேலை உறுதியாகவில்லை. அந்த நிலையில் இருந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இதே கட்டத்தில் நிற்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

இன்டர்வியூக்களில் சிக்கல் எதுவும் இல்லை. சம்பளப் பேச்சு வந்தபோதுதான் கன்சல்டன்ட் போன் செய்தார். "சார், இப்ப வாங்குறது 14 லட்சம்னு சொல்லிடுங்க. எல்லாரும் கூட்டித்தான் சொல்றாங்க. அதுக்கு மேலதான் ஹைக் போடுவாங்க" என்றார். என் மொத்த ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கு எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும்.

என் 12 லட்சத்தில் மாதாமாதம் பேஸ்லிப்பில் வருவது 80,000, வருடத்துக்கு 9,60,000. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் சேமநிதி 96,000. மீதி 1,44,000 செயல்திறனைப் பொறுத்துக் கிடைக்கிற தொகை. போன வருடம் அதில் 60 சதவீதம்தான் கைக்கு வந்தது. 80,000த்தில் சேமநிதியும் வரியும் போக வங்கியில் விழுவது 70,400. இப்போது 14 லட்சம் என்று சொன்னால், மற்ற இரண்டும் அப்படியே இருக்க, மாதச் சம்பளம் 96,000த்தைத் தாண்டியாக வேண்டும். வங்கியில் 80,000த்துக்கு மேல் விழுந்திருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிறவர் முதலில் தேடுவதே அந்த வரவைத்தான்.

பழைய சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால், "எனக்கு எதிர்பார்ப்பு இவ்வளவு" என்று மட்டும் சொல்லிப் பேசிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தை வேலை கொடுப்பவர் கேட்கவே கூடாது என்று சட்டமே இருக்கிறது. கேட்பது வழக்கமாக உள்ள இடங்களில் சொல்ல மறுத்தால் வாய்ப்பு கைநழுவலாம். ஆனாலும் பொய்த் தொகையைச் சொல்வதைவிட அது மேல்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆஃபர் லெட்டர் வந்தது. 'சரிபார்ப்புக்கு உட்பட்டது' என்ற வரி அதிலேயே இருந்தது. ராஜினாமா செய்தேன், நோட்டீஸ் முடிந்து ரிலீவும் ஆனேன். அதற்கப்புறம்தான் மூன்று மாத பேஸ்லிப்பும் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்டார்கள். அனுப்பி வைத்தேன். சரிபார்ப்பவரிடமிருந்து போன்.

"சார், ஒரு மாசம் மட்டும் பேஸ்லிப்ல பிடித்தம் போக 70,400 இருக்கு, பேங்க்ல 58,400தான் வந்திருக்கு. எது சரி?"

முன்பு அவசரத்துக்கு ஆபீஸில் 12,000 முன்பணம் வாங்கியிருந்தேன். அதைப் பிறகு ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது சரி. ஆனால் பேஸ்லிப்பின் பிடித்தம் பகுதியில் அதைக் காட்டவில்லை. பேஸ்லிப் வழக்கம்போல வந்தது, கணக்குப் பிரிவு 12,000ஐக் கழித்துவிட்டு மீதியைப் போட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு நான் பேஸ்லிப்பைத் திருத்திய மாதிரிதானே தெரியும்!

"முன்பணம் பிடித்தோம்" என்று ஒரு வரி எழுதித் தரும்படி பழைய ஆபீஸின் கணக்குப் பிரிவைக் கேட்டேன். "நீங்கதான் ரிலீவ் ஆயிட்டீங்களே, இப்ப லெட்டர் எல்லாம் தர முடியாது" என்றார் அங்கிருந்தவர். நேரில் போனேன். ஹெச்.ஆரைப் பாருங்கள் என்றார்கள். ஹெச்.ஆரோ வேலை பார்த்த தேதியையும் பதவியையும் மட்டும்தான் உறுதிசெய்வோம், சம்பள விவரம் வெளியே சொல்வதில்லை என்றார். முன்பணத்துக்கு ஒப்புதல் வந்த மெயில் ஆபீஸ் மெயிலில் இருந்தது, அது கடைசி நாளே மூடப்பட்டுவிட்டது. தப்பு அவர்கள் பேஸ்லிப்பில், பதில் சொல்ல வேண்டியவன் நான்.

வீட்டில் உட்கார்ந்து பழைய ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. அவர்கள் கேட்டது மூன்று மாதம். முன்பணம் வந்தது அதற்கு முந்தைய மாதம். அதனால் பணம் போனது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது, வந்தது தெரியவில்லை. ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை வங்கித் தளத்திலிருந்து பிடிஎஃப்பாகவே இறக்கினேன். கம்பெனியிடமிருந்து வந்த வரவுகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஐந்து மாதம் 70,400, ஒரு மாதம் 58,400, தனியாக ஒரு 12,000. கூட்டினால் 4,22,400. ஆறு பேஸ்லிப்பின் நிகரத் தொகையும் அதேதான். அந்த 12,000 வரவின் விவரத்தில் கம்பெனி பெயரும் 'அட்வான்ஸ்' என்ற சொல்லும் இருந்தன. தாளையும் ஸ்டேட்மென்ட்டையும் ஆறு பேஸ்லிப்பையும் சேர்த்து அனுப்பினேன். "இது போதும் சார், குளோஸ் பண்ணிடறேன்" என்று பதில் வந்தது. பழைய ஆபீஸின் லெட்டர் தேவையே படவில்லை!

பேச்சுவாக்கில், திருத்திய தாள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். பேஸ்லிப்பில் அந்த மாதத் தொகைக்குப் பக்கத்தில் நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தமும் இருக்கும். மாதத் தொகையை மாற்றுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள், அல்லது மாற்றினாலும் முந்தைய மாத மொத்தத்தோடு ஒட்டாது. சேமநிதி சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதமாகப் பிடிக்கப்படுவதால் அதுவும் காட்டிக் கொடுக்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரவை மாற்றினால் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு இருப்புத் தொகையையும் மாற்ற வேண்டும், ஒரு வரி தவறினாலும் கணக்கு உடையும். வங்கியின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள பிடிஎஃப்பைத் தொட்டாலே கையொப்பம் செல்லாமல் போகும். சந்தேகம் வந்துவிட்டால் வருடாந்திர வரிச் சான்றிதழைக் கேட்பார்களாம். அதையும் திருத்தலாம்தான், ஆனால் அந்த விவரம் வரித்துறையிடமும் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் கன்சல்டன்ட் பேச்சைக் கேட்டுப் பேஸ்லிப்பைத் திருத்தினார். வங்கித் தொகை ஒட்டவில்லை. ஆஃபரைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அவர் ராஜினாமா கொடுத்து, அவர் இடத்துக்கு வேறு ஆளும் எடுத்தாயிற்று. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் தப்பிக்க முடியாது. விண்ணப்பத்தின் கடைசியில் 'தவறான தகவல் கொடுத்தால் பணிநீக்கம்' என்று இருக்கிற வரிக்குக் கீழேதான் நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

நீங்கள் வேலை மாறப் போகிறீர்கள் என்றால், ரிலீவ் ஆகும் முன்பே குறைந்தது ஒரு வருட பேஸ்லிப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நிகரத் தொகையையும் வங்கி வரவோடு ஒப்பிடுங்கள். எங்காவது ஒட்டவில்லை என்றால், உள்ளே ஆளாக இருக்கும்போதே காரணத்தை மெயிலில் எழுதி வாங்கி, அதன் நகலை எடுத்து வையுங்கள். சம்பளத்தைச் சொல்லும்போது மொத்தம், மாதம், மாறும் தொகை, அதில் உண்மையில் வந்தது என்று பிரித்தே எழுதுங்கள். முக்கியமாக, சம்பளச் சரிபார்ப்பை மட்டுமாவது ராஜினாமாவுக்கு முன் முடித்துத் தர முடியுமா என்று புது நிறுவனத்தைக் கேளுங்கள். பழைய ஆபீஸைத் தொடாமலே பேஸ்லிப்பையும் ஸ்டேட்மென்ட்டையும் பார்த்துவிட முடியும் என்பதால், கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.