பிளீச் செய்முறைத் தேர்வு: அயோடின் தப்பவும் கூடாது, மிகுந்துவிடவும் கூடாது

பிளீச்சில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று கண்டறியும் இந்தச் செய்முறையில் பியூரெட்டிலிருந்து இறங்கும் சோடியம் தயோசல்பேட், குளோரினை நேரடியாக அளப்பதில்லை. பிளீச் விடுவித்த அயோடினைத்தான் அளக்கிறது. குடுவையிலிருந்து அயோடின் தப்பினாலும் வேறு வழியில் மிகுந்தாலும் விடை கெடும். நான் தேர்வுக்குத் தயாரானபோது ஒவ்வொரு படியையும் இந்த ஒரு கேள்வியோடுதான் படித்தேன்.

தயோசல்பேட் படிகங்கள் காற்றில் படிக நீரை இழக்கக்கூடியவை. எனவே எடை போட்டுக் கரைத்த அளவை நம்ப முடியாது. பொட்டாசியம் அயோடேட்டைக் கொண்டு செறிவைக் கண்டறிய வேண்டும். 0.8560 கிராம் அயோடேட்டை 250 மி.லி. ஆக்கினால் செறிவு 0.01600 M. அதில் 25 மி.லி. எடுத்து, 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றியதும் அயோடின் வெளிப்படும். உடனே தரம்பார்க்க வேண்டும். ஒரு மோல் அயோடேட்டுக்கு ஆறு மோல் தயோசல்பேட் செலவாகும். 24.20 மி.லி. இறங்கினால் செறிவு 0.09917 M.

அடுத்து பிளீச். 25 மி.லி. பிளீச்சை 250 மி.லி. ஆக நீர்த்து, அதில் 25 மி.லி. எடுங்கள். முதலில் அயோடைடு, பிறகுதான் அமிலம். வரிசை மாறினால் அமிலம் பட்டதும் குளோரின் வாயுவாகப் பறந்துவிடும். அது நச்சு வாயு, அளவும் குறையும். இங்கே கந்தக அமிலத்தைவிட அசிட்டிக் அமிலம் நல்லது. பழைய பிளீச்சில் குளோரேட் சேர்ந்திருக்கும். வலுவான அமிலத்தில் அதுவும் மெல்ல அயோடினை விடுவிக்கும்.

ஸ்டார்ச்சைத் தொடக்கத்திலேயே ஊற்றாதீர்கள். பழுப்பு நிறம் வைக்கோல் மஞ்சளாக வெளிறிய பிறகு ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் ஸ்டார்ச் அயோடினை இறுகப் பிடித்துக்கொள்ளும், முடிவு நிலை இழுத்தடிக்கும். நீலம் மறைந்து அரை நிமிடம் திரும்பாமல் இருந்தால் அளவைக் குறித்துவிடுங்கள். சில நிமிடங்கள் கழித்து நீலம் திரும்பினால் அது பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அயோடைடின் மீது செய்யும் வேலை. அதற்காக இன்னொரு சொட்டு விட வேண்டியதில்லை.

28.60 மி.லி. இறங்கியதாகக் கொள்வோம். தயோசல்பேட் 2.836 மில்லிமோல். ஒரு மூலக்கூறு குளோரினுக்கு இரண்டு தயோசல்பேட் என்பதால் குளோரினின் மோலார் நிறையான 70.90 ஆல் அல்ல, அதில் பாதியான 35.45 ஆல் பெருக்க வேண்டும். பலரும் இடறுவது இங்கேதான். 100.5 மி.கி. குளோரின் வருகிறது. இது 2.5 மி.லி. மூல பிளீச்சுக்கு உரியது. ஆக லிட்டருக்கு 40.2 கிராம், அதாவது 100 மி.லி.க்கு 4.02 கிராம்.

இதைப் புட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுமுன் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டாகக் கணக்கிட்டால் இதே கரைசல் லிட்டருக்கு 42.2 கிராம். எடைச் சதவீதமாகப் போட்டிருந்தால் கரைசலின் அடர்த்தியும் தேவைப்படும்.