“வீடியோ நன்றாகப் போனது” என்ற ஒரே வரிக்கு 18,000 ரூபாய்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஆறு அறை கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு இன்ஸ்டாகிராம் விளம்பர வேலையைப் பார்க்கிறோம். 2025 ஆகஸ்டில் முற்றத்தைக் காட்டும் வீடியோ ஒன்றை ஓட்டினோம். விசாரணை குவிந்தது. ஷீட்டில் எழுதியது ஒரே வரி: “வீடியோ நன்றாகப் போனது.” அதை நம்பி செப்டம்பரில் 18,000 ரூபாயை அதே வீடியோவில் போட்டோம். போன் சத்தமே இல்லை.

காரணம் காலண்டரில் இருந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. மறுநாள் 16 புதுச்சேரியின் சட்டப்பூர்வ பரிமாற்ற நாள், அடுத்தது ஞாயிறு. மூன்று நாள் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து கூட்டம் எப்படியும் வந்திருக்கும். அந்த வாரம் எந்தப் படத்தைப் போட்டிருந்தாலும் “நன்றாகப் போயிருக்கும்.”

பழைய சோதனைகளைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால் அதுவும் முடியவில்லை. விளம்பரக் கணக்கு முன்பு வேலை பார்த்த ஏஜென்சியின் பெயரில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் எண்களும் அவர்களோடு போய்விட்டன. மூன்று முறை கேட்டும் வந்தது ஒரு பிடிஎஃப்தான், அதில் தேதி வாரியான விவரமே கிடையாது. கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மாதம் ஒருமுறை எண்களை இறக்கி உங்கள் ஷீட்டிலும் ஒட்டிவையுங்கள்.

புதிதாகத் தொடங்கிய பதிவேட்டில் ஒரு விதி: விளம்பரம் ஓடுவதற்கு முன்பே பாதி வரி நிரம்பியிருக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் கணிப்பு எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதனால் பயனில்லை. பிப்ரவரியில் எழுதிய வரி இது:

```
T07
கணிப்பு: வாடகையைப் படத்திலேயே போட்டால் வெறுமனே
  கேட்பவர் குறைவர், தேதி சொல்லிக் கேட்பவர் கூடுவர்
மாற்றம்: வீடியோ / வாடகை போட்ட படம் (மற்றவை ஒன்றே)
அளவு: தேதி + ஆள் எண்ணிக்கை சொன்ன விசாரணை
விடுமுறை: இல்லை
ஓட்டம்: 14 நாள்; படிப்பது: முடிந்து 7 நாள் கழித்து
```

“அளவு” என்ற வரியில்தான் நிறைய சண்டை வந்தது. வாட்ஸ்அப்பில் “ஹாய்” மட்டும் அனுப்புபவரை ஒருவர் விசாரணை என்று எண்ணினார், இன்னொருவர் எண்ணவில்லை. ஒரே வாரத்துக்கு இரண்டு கணக்கு. வரையறையை எழுதிய பிறகுதான் அடங்கியது. எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று தெரிய, வாட்ஸ்அப்பில் தானாக நிரம்பும் செய்திக்குள் “வார இறுதி அறை (T07A)” என்று வைத்தோம். படத்துக்கு T07B. தனியாகத் தொங்கும் குறியீட்டை ஆட்கள் அழித்துவிடுவார்கள், வாக்கியத்தோடு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள்.

ஏழு நாள் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை கிளிக் செய்தவர் வீட்டில் பேசிவிட்டு சனிக்கிழமைதான் கேட்பார். கடைசி நாளிலேயே எண்ணினால் பிந்திய கிளிக்குகள் எல்லாம் வீண் என்று தோன்றும்.

இரண்டையும் ஒரே ஆட் செட்டில் போட்டு ஒப்பிடாதீர்கள். தொடக்கத்தில் கொஞ்சம் முந்தியதன் பக்கம் மெட்டா பணத்தைத் தள்ளிவிடும், மற்றதற்கு ஆளே போய்ச்சேராது. அதற்கென்றே உள்ள A/B test வழியாக ஓட்டினால் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிவார்கள். நடுவில் பட்ஜெட்டையோ டார்கெட்டையோ தொடவும் கூடாது. பெரிய மாற்றம் செய்தால் யாருக்குக் காட்டுவது என்று மெட்டா மறுபடி கற்கத் தொடங்கி Learning என்று காட்டும், அதற்கு முந்தைய நாட்களோடு ஒப்பிட முடியாது. தொட்டே ஆகவேண்டும் என்றால் தேதியையும் நேரத்தையும் எழுதி, அந்த ஓட்டத்தை அதோடு முடித்துவிடுங்கள்.

முடிவு: வீடியோவுக்கு 412 கிளிக்கில் 9 விசாரணை, வாடகை போட்ட படத்துக்கு 398 கிளிக்கில் 14. சதவீதமாக 2.2-ம் 3.5-ம். படம் ஜெயித்தது என்று எழுதத்தான் கை போனது. ஆனால் ஐந்து விசாரணை வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 3,900 கிளிக் வேண்டும். ஆறு அறை இடத்தின் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. 2-லிருந்து 4 ஆகிறதா என்று பார்க்க சுமார் 1,200 போதும். அதனால் T07-ல் “தெரியவில்லை, படம் பக்கம் சாய்வு” என்று எழுதினோம். கிளிக் எண்ணிக்கையும் அதே வரியில் இருக்கிறது.

அந்த “தெரியவில்லை”தான் அடுத்த சோதனையைத் தீர்மானித்தது. பட்டன் நிறம், தலைப்பில் ஒரு சொல் மாதிரியான நுணுக்கங்கள் எங்கள் அளவுக்கு அளக்கவே முடியாதவை, அவற்றை விட்டுவிட்டோம். T09-ல் வாடகை போட்ட படத்தை அப்படியே வைத்து, எதிரில் “இரண்டு இரவு, காலை உணவோடு” என்ற முழு பேக்கேஜை நிறுத்தினோம். ஒரு பக்கத்துக்கு 1,200 கிளிக் என்று முன்கூட்டியே எழுதியாயிற்று. புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் வாரத்திலேயே முற்றத்து வீடியோவைத் திரும்பப் போடலாமா என்று கேட்டார். T07-ஐக் காட்டினோம். படித்துவிட்டு, ஆகஸ்ட் 2025 வரிக்குப் பக்கத்தில் “நீண்ட விடுமுறை, ஒப்பிடக் கூடாது” என்று அவரே சேர்த்தார்.