வடிகான் கேட்ட மாமாவும் நல்லாட்சிக் கேள்வியும்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானத்துக்கு முதல் ஷையில் எனக்கு வந்தது எஸ். நல்லாட்சிக் கேள்வியில் இயல்புகளை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். பிறகு வீட்டில் அதே விடையை எழுதிப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. வெளிப்படைத்தன்மை, சட்டவாட்சி, பதிலளிக்கும் தன்மை மூன்றுக்கும் "மக்களுக்கு நல்ல சேவை" என்ற ஒரே வசனத்தைத்தான் புரட்டிப் புரட்டி எழுதியிருக்கிறேன்.

அதைத் தெளிய வைத்தது படுவான்கரையில் இருக்கும் மாமாவின் ஒழுங்கை. மாரிக்குத் தண்ணி வடியாது. வடிகான் கேட்டுப் பிரதேச சபைக்கு இரண்டு கடிதம் கொடுத்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. பதிலளிக்கும் தன்மை இல்லை என்பது இதுதான். "காசு இல்லை, அடுத்த வருசம்" என்று உரிய காலத்துக்குள் காரணம் எழுதி அனுப்பியிருந்தால், வேலை நடக்காவிட்டாலும் அந்த இயல்பு ஓரளவு இருந்திருக்கும்.

பிறகு மாமா 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். அந்த வருசம் எந்தெந்த ஒழுங்கைகள் தெரிவாகின, எந்த அடிப்படையில் என்று மட்டும் கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்; மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மாமாவுக்குப் பட்டியல் அந்த நாட்களுக்குள்ளேயே வந்தது. வெளிப்படைத்தன்மை வேலை செய்தது. வடிகான் மட்டும் வரவில்லை! இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பட்டியலில்தான் விசயம் இருந்தது. ஆறாவதாக இருந்த ஒழுங்கை ஒன்று இரண்டாவதாக ஏறியிருந்தது. மாமா திரும்பவும் விண்ணப்பித்து, அந்த மாற்றத்துக்கான சபைத் தீர்மானத்தின் பிரதியைக் கேட்டார். அப்படியொரு தீர்மானமே இல்லை என்று பதில் வந்தது. சட்டவாட்சி என்றால் குற்றவாளிக்குத் தண்டனை என்றுதான் நான் எழுதிவந்தேன். கந்தோரும் தன் விதிக்குக் கட்டுப்பட வேண்டும், தவிசாளருக்கு வேண்டியவருக்கும் மாமாவுக்கும் ஒரே வரிசை என்பதுதான் அதன் உள்ளீடு. பட்டியலைக் காட்டியதால் மட்டும் அந்தக் குறை தீராது.

இரண்டாம் ஷைக்கு இப்படித்தான் பழகினேன்: ஒவ்வொரு இயல்புக்கும் முதலில் ஒரு வரி வரைவிலக்கணம், அடுத்து அந்தக் கந்தோரில் நடந்த ஒரு செயல், பிறகு அது இல்லாமல் போனால் எதை வைத்துக் கண்டுபிடிப்போம் என்பது. மூன்றாவதை எழுத முடியாமல் திணறினால், வரைவிலக்கணமே எனக்கு விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். உதாரணத்தில் இயல்பின் பெயரை மறைத்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்து, எது என்று கேட்பேன். அவன் இரண்டு பெயர் சொன்னால் திருப்பி எழுதுவேன். பொறுப்புக்கூறலும் பதிலளிக்கும் தன்மையும்தான் அவனிடம் அதிகம் மாட்டுப்பட்டன: முன்னையது செய்த முடிவுக்குக் கணக்குச் சொல்வது, பின்னையது மக்கள் கேட்டதற்கு நேரத்தோடு அசைவது.

மாமாவின் ஒழுங்கை போன மாரியிலும் வெள்ளத்துக்குள்தான் கிடந்தது.