முகூர்த்தக்காலுக்கு முந்தின விமானம்

பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்ததும் நான் செய்த முதல் காரியம் டிக்கெட் போட்டது. அதுதான் முதல் தப்பும். 2024 ஆவணி, செப்டம்பர் 8 ஞாயிறு, காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம் என்று இருந்தது. சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் விடுமுறை அந்த ஞாயிற்றோடு முடிகிறது, திங்கள் காலை பள்ளி. ஆகவே வெள்ளி இரவு கோவையில் இறங்கி, சனியும் ஞாயிறும் கல்யாணத்தில் இருந்துவிட்டு, ஞாயிறு ராத்திரியே திரும்பும்படி நாலு பேருக்கும் போட்டுவிட்டு அக்காவுக்குப் பெருமையாகச் செய்தி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"ஏஞ்சாமி, பத்திரிகையப் பார்த்து வர்றதுக்கு நீ என்ன ஒறம்பரையா? கண்ணாலம் கட்டறவளுக்குத் தாய்மாமன் நீதானே. வியாழக்கிழமை முகூர்த்தக்கால் போடறோம். மறுவீட்டுக்கு நீ இல்லாம அவளை யாரு கூட்டிட்டு வர்றது?"

எங்கள் பக்கம் உறவுக்காரர் விருந்தாளியாக வந்தால் ஒறம்பரை என்போம். இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்து, அந்த ஊர்க் கடவுச்சீட்டும் வாங்கிய பிறகு, நான் என்னை ஒறம்பரையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. கொங்குக் கல்யாணத்தில் பத்திரிகையில் அச்சாகும் நேரம் வருகிற ஜனங்களுக்கானது. மாமன், அத்தை, பங்காளிகளுக்கான நேரமெல்லாம் அச்சில் வராது, வாய்மொழியாகத்தான் வரும். அதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் டிக்கெட்டைத் தொட வேண்டும்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். 5 வியாழன் காலை பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீட்டில் முகூர்த்தக்கால். 7 சனி சாயங்காலம் மண்டபத்துக்கு மாமன் சீர் வர வேண்டும், பிறகு வரவேற்பு, ராத்திரி நான் பெண்ணின் நெற்றியில் தகட்டுப் பட்டம் கட்ட வேண்டும். 8 விடியற்காலை முகூர்த்தம். 9 திங்கள் மறுவீடு. இவற்றில் எதற்கு நான் இல்லாவிட்டாலும் என் இடத்தில் ஒரு பங்காளி நிற்பார். ஆனால் அந்தப் பேச்சு அடுத்த முப்பது வருடத்துக்கு ஓடும். தேதியை மாற்றிய கட்டணம் புதிய டிக்கெட்டில் பாதி ஆயிற்று. போவது 2ஆம் தேதி இரவு, வருவது 10ஆம் தேதி. பள்ளிக்கு இரண்டு நாள் லீவு கேட்டுக் கடிதம் எழுதியது என் மனைவி. காரணம் என்ற இடத்தில் 'குடும்பத் திருமணம்' என்று போட்டாள். மாமன் பட்டத்தை அந்தக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?

அடுத்தது சீர். மாமன் எடுத்துத் தருகிற சேலையில்தான் பெண் பட்டத்துக்கு உட்கார வேண்டும். நான் வரும்போது கையோடு கொண்டுவருகிறேன் என்றேன். அக்கா மகள் சிரித்தாள். "மாமா, ஜாக்கெட்டு ஆரி வேலைக்குக் குடுத்தா இருபது நாளாவுமுங்க. நீங்க கொண்டு வர்றப்ப நான் சேலைய மட்டும் கட்டிக்கறதுங்களா?" ஆக, சேலை எனக்கு முன்னால் ஊரில் இருந்தாக வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரமே அக்கா கடையில் நின்று வீடியோவில் காட்ட, இங்கிருந்து மனைவி தலையாட்ட, நான் பணம் அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து வருகிற மாமன்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் முதலில் போட்டுக்கொள்ளுங்கள்: பட்டம் கட்டுகிற தேதியிலிருந்து தையல்காரர் கேட்கிற நாளைக் கழித்தால் வருவதுதான் சேலை எடுக்கக் கடைசி நாள்.

நகை வேறு கதை. மூன்று பவுனில் ஒரு ஆரம் என்று பேச்சு. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாங்கிப் போவதுதான் பெருமை என்று எனக்கொரு நினைப்பு, ஊரிலும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். சுங்க விதியை எடுத்து வாசித்ததும் அந்த நினைப்பு கலைந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய நகைக்கு அப்போது இரண்டு வரம்பு இருந்தது. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆணுக்கு 50,000 ரூபாய், பெண்ணுக்கு ஒரு லட்சம் என்று கூடவே இருந்த மதிப்பு வரம்பைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்த வாரம் ஒரு பவுன் 53,000 ரூபாயைத் தாண்டி நின்றது. அதாவது ஆண் ஒருவர் ஒரு பவுன் நகை கொண்டுவந்தாலே மதிப்பு வரம்பு உடைந்துவிடும். பெண்ணுக்கு 40 கிராம் என்று எழுதியிருந்தாலும் நடப்பில் இரண்டு பவுன்கூட நிறையாது. நாணயமாக எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன், அந்தச் சலுகை நகைக்கு மட்டும்தான், காசுக்கும் கட்டிக்கும் கிடையாது. அது 2024இன் கதை. இந்த வரம்புகள் மாறக்கூடியவை, போகிறவர்கள் போகிற மாதத்து விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சிக்கலையும் தாண்டினால் லாபம் உண்டா என்றால், அதுவும் இல்லை. சிங்கப்பூரில் நகைக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி, குடிமகனுக்கு விமான நிலையத்தில் அது திரும்பக் கிடைக்காது. இந்தியாவில் அந்த ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15இலிருந்து 6 சதவீதத்துக்கு இறக்கியிருந்தார்கள், கடையில் 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஆறும் மூன்றும் ஒன்பது. செய்கூலியில் பேரம் பேச ஈரோட்டில் அக்கா கூட வருவாள் என்பது தனி லாபம். பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டு, 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஈரோட்டிலேயே வாங்குவதென்று முடிவானது. பெட்டியில் போனதெல்லாம் சாக்லேட்டும் தைலமும் பெரியம்மா கேட்ட மூட்டுவலிப் பட்டையும்தான். அப்புறம் ஏழு கவர்கள். அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய் விடியும்போது கோவையில் இறங்கி, அவிநாசி வழியாக ஒன்றரை மணி நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விட்டோம். பிள்ளைகளுக்கு ஊட்டி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், அதை போனிலேயே எடுத்துவிடலாம். நாளைத்தான் எடுக்க முடியவில்லை. புதன் ஒன்றுதான் காலியாக இருந்தது. ஒரே நாளில் மலையேறி இறங்கினால் வியாழன் விடியற்காலை முகூர்த்தக்காலுக்குத் தூங்கி வழிவேன். கால் போட்ட பிறகோ, மாமன் ஊரை விட்டு மலைக்கெல்லாம் போகக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார். சாஸ்திரமா, வளைவுச் சாலை பயமா என்று நான் கேட்கவில்லை.

ஆக, புதனன்று பவானி. முக்கால் மணி நேரத்துக்குள் போகிற தூரம். கூடுதுறையில் காவிரியும் பவானியும் கலக்கிற இடத்தில் படித்துறையில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆறான அமுதநதி எங்கே என்று சின்னவன் வெகுநேரம் தேடினான். ஆனால் அன்றைக்கு நினைவில் நிற்பது ஒரு தறிக்கூடம். மணமக்களை உட்கார வைக்க மாமன் வீட்டு ஜமுக்காளம் ஒன்று இருக்கட்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். கடையில் கேட்டதும், நெய்வதையே பாருங்களேன் என்று பின்பக்கம் கூட்டிப்போனார்கள். குழிக்குள் காலை விட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பாவு நூல் தரையோடு தரையாக ஓடுகிறது. சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள். முரட்டுப் பருத்தி நூல், ஒவ்வொரு ஊடைக்கும் அடி விழுகிற சத்தம் நெஞ்சில் தட்டுகிறது. அகலமான விரிப்பென்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கைமாற்றி நெய்வார்களாம். விசைத்தறிச் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "தூக்கிப் பாருங்க, கை சொல்லும்" என்றார். தூக்கினேன். முன்கடையில் அடுக்கியிருந்த ஒன்றையும் தூக்கினேன். கை சொன்னது. விலையும் சொன்னது, ஆனாலும் தறியில் நெய்ததையே எடுத்தோம். மொத்தப் பயணத்தில் நான் தேர்ந்தெடுத்த ஒரே சீர் அதுதான், மற்றதெல்லாம் அக்காவின் தேர்வு.

வியாழன் பால்மரக் கொம்பு வெட்டி வந்து நட்டார்கள். சடங்குகளை நடத்திவைக்கிற அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் செய்தேன். வெள்ளிக்கிழமை நகைக்கடை. சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, மறுநாள் எங்கும் முகூர்த்தம். மல்லிகையின் விலையைக் கேட்டு என் மனைவி அதைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து, சிங்கப்பூரே தேவலை என்றாள்.

சாயங்காலம் மண்டப வாசலிலிருந்து தவில், நாதஸ்வரத்தோடு சீர்த்தட்டு வரிசை. தட்டுகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், எங்களிடம் இருபத்திரண்டு ஆகிவிட்டது. கடைசி நிமிடத்தில் என் மகள் சாக்லேட்டை ஒரு தாம்பாளத்தில் கொட்டி இருபத்து மூன்றாக்கினாள். ஜமுக்காளத்தைச் சுருட்டி நானே தோளில் போட்டுக்கொண்டேன். ராத்திரி பட்டம் கட்டும்போது கை நடுங்கியது. நெற்றியில் தகட்டை வைத்து நூலைப் பின்னால் முடிவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஆனால் அந்தப் பிள்ளையை ஆறு வயதில் கடைசியாகத் தூக்கியது, இப்போது நெற்றி என் முகத்துக்கு நேராக இருந்தது. முடிச்சு இரண்டு தரம் நழுவியது. "மாமா, மெதுவாவே கட்டுங்க, நான் எங்கயும் போவல" என்றாள்.

காலையில் மங்கல வாழ்த்துப் பாடி, தாலி ஏறி, பந்தியில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் ஒப்புட்டும் சாப்பிட்ட பிறகு அந்த ஏழு கவர்களை எடுத்துக்கொண்டு மொய் மேசைக்குப் போனேன். ஜுரோங்கிலும் உட்லண்ட்ஸிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பியவை. நோட்டில் எழுதுகிற பெரியவர் நிமிராமலே கேட்டார்.

"பேரு? எந்த ஊருங்க?"

"எல்லாரும் சிங்கப்பூருங்க."

பேனா நின்றது. "சிங்கப்பூருன்னு ஏழு பேர எழுதி வெச்சா, நாளைக்கு அவிய வூட்டு விசேசத்துக்கு இவிய எங்க போயித் தேடறது? அவிய அப்பாரு ஊரச் சொல்லுங்க." மொய் நோட்டு ஊர்வாரியாகத்தான் புரட்டப்படும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நின்றுகொண்டே ஏழு பேருக்கும் போன் போட்டேன். நான்கு பேருக்கு உடனே தெரிந்தது. இரண்டு பேர் அம்மாவைக் கேட்டுச் சொன்னார்கள்.

அடுத்தது தொகை. ஒரு கவரில் 51 வெள்ளி. வெள்ளி 64 ரூபாய் என்று மாற்றினால் 3,264. "ஒத்த ரூவா வரலீங்களே" என்றார் பெரியவர். சற்று யோசித்து, ரூபாய்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பெயருக்கு நேரே 'வெள்ளி 51' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். ஏழாவது ஆள் மட்டும் போனை எடுக்கவில்லை. அவருடைய ஊர் என்ற இடத்தில் பென்சிலால் என் பெயரும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது.